இன்வெர்ட்டர் என்றால் எந்த இன்வெர்ட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ‘இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான் வாங்க வேண்டும், பழைய வகை வீட்டுச் சாமான்களை எரித்துவிடும்’ என்று கட்டுரை முடிகிறது. அதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பிப் பணம் போட்டவர்கள் கடைசியில் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கூடத்து மூலையில் பேட்டரியோடு இருக்கும் பெட்டி. இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் அந்தப் பேட்டரி கிடையாது. அதுவும் பெட்ரோல் எஞ்சின்தான். ஒரு வாடிக்கையாளர் ‘பெட்ரோல் தீர்ந்தால் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும்?’ என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வித்தியாசம் எஞ்சின் சுற்றும் வேகத்தில் இருக்கிறது. பழைய வகையில் எஞ்சினும் காயிலும் ஒரே தண்டில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வர நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் 3000, வீடு முழுக்க எரிந்தாலும் 3000. புதிய வகையில் காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றி, பிறகு ஒரு மின்னணு போர்டு அதிலிருந்து 50 ஹெர்ட்ஸை உருவாக்கித் தருகிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வருவது மாறாது. அதனால் சுமை குறைந்தால் எஞ்சின் தணிந்து ஓடுகிறது. சத்தம் குறைவது, பெட்ரோல் மிச்சமாவது எல்லாம் இதனால்தான்.

நுண்ணிய மின்சாதனங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது கஜா புயல் அனுபவம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அது கரை கடந்தபோது தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் 2 கேவிஏ பழைய வகை ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்த்திருந்தார்கள். இரவெல்லாம் ஓட்டியும் காலையில் பேட்டரி காலி. ‘பேட்டரி போச்சு, வேற வாங்கணும்னு சொல்றாங்க’ என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது இன்வெர்ட்டரின் ‘டிக்... டிக்...’ சத்தம். சில விநாடிக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் ரிலே சுவிட்ச் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சுமை இல்லாதபோது 53 ஹெர்ட்ஸுக்கு மேல், 250 வோல்ட். இன்வெர்ட்டர் அதை ஏற்றுச் சார்ஜ் செய்யத் தொடங்கியதும் எஞ்சின் மூச்சு வாங்கி 48-க்கு இறங்கியது. வோல்ட் 200-க்குப் பக்கத்தில் வந்தது. ‘இது சரியில்லாத மின்சாரம்’ என்று இன்வெர்ட்டர் கழன்றுகொண்டது. சுமை போனதும் எஞ்சின் மறுபடி சீறியது. மறுபடி ஏற்பு, மறுபடி கழற்சி. ஜெனரேட்டர் இரவெல்லாம் பெட்ரோலைக் குடித்தது. வீட்டு விளக்கோ பேட்டரியில்தான் எரிந்திருக்கிறது.

சரிசெய்யப் பணம் எதுவும் செலவாகவில்லை. அந்த இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தது. யுபிஎஸ் பக்கம் இருந்தால் அது மிகவும் கறாராக இருக்கும். நார்மலில் வைத்தால் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதை மாற்றினேன். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் திருகைத் தளர்த்திச் சுமையில்லாத நிலையை 52-க்குக் கொண்டுவந்தேன். மாட்டுக்கொட்டகையில் கிடந்த இரண்டு 100 வாட் குண்டு பல்புகளை ஜெனரேட்டரிலேயே எரியவிட்டேன். எஞ்சினுக்கு எப்போதும் கொஞ்சம் பாரம் இருந்தால் துள்ளாது. டிக் சத்தம் நின்றது. பேட்டரியை மாற்றவே தேவையில்லாமல் போயிற்று.

ஆக, பழைய வகை எல்லாவற்றையும் எரித்துவிடும் என்பது மிகை. டிவி, கணினி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆபத்து எப்போது என்றால், பெட்ரோல் தீரும் தறுவாயில் எஞ்சின் திணறும்போதும், பெரிய சுமையைச் சட்டென்று நிறுத்தி வோல்ட் எகிறும்போதும்தான். டேங்க் காலியாகுமுன் சாமான்களை அணைத்துவிட்டு எஞ்சினை நிறுத்தும் பழக்கம் இருந்தால் பாதிப் பழுது வராது. புதிய வகையில் இந்தக் கவலை அநேகமாக இல்லை; அதன் மின்சாரம் நம் தெருக் கம்பியில் வருவதைவிடச் சீராகவே இருக்கும்.

பெட்ரோல் கணக்குக்கு வருகிறேன். அதே வீட்டார் பின்னாளில் 2 கேவிஏ இன்வெர்ட்டர் வகையை வாங்கினார்கள். ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகள் என்று 400 வாட் சுமையில் அளந்து ஊற்றிப் பார்த்தோம். மணிக்கு அரை லிட்டருக்குள் முடிந்தது. பழையது அதே சுமைக்கு முக்கால் லிட்டரை நெருங்கும். ஆனால் முழுச் சுமை கொடுத்தால் இரண்டுமே மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுகின்றன. முழுச் சுமையில் எஞ்சின் தணிந்து ஓட வழியே இல்லையே. ‘பாதிச் செலவு’ என்று கடையில் சொல்வது குறைந்த சுமைக்கு மட்டும்தான்.

சத்தம்? 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஏறத்தாழ பாதியாகக் கேட்கும். இரண்டு வகைக்கும் இடையில் அந்த அளவாவது இருக்கிறது. ஆனால் குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் இரவு எல்லை 45 டெசிபெல். இன்வெர்ட்டர் வகையும் பக்கத்து ஜன்னலடியில் அதைத் தாண்டும். அந்த ஆசிரியர் வீட்டில் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, இரவில் நிறுத்திவிடுகிறார்கள். சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். இன்னொன்று: சத்தம் கம்மிதானே என்று மழைக்குப் பயந்து அதைத் திண்ணைக்கோ கூடத்துக்கோ இழுத்து வருகிறார்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எந்த வகையானாலும் வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையில் ‘2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் வீட்டு மோட்டாரும் ஓடும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இதற்குத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். 1 எச்பி நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது 1100 வாட்தான் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். பழைய 2 கேவிஏவும் அதற்குத் திணறும், ஆனாலும் எஞ்சினின் சுழல் வேகத்தை வைத்துச் சில சமயம் தள்ளிவிடும். இன்வெர்ட்டர் வகையின் போர்டு அந்தக் கணத்தைப் பொறுக்காது: சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே மின்சாரம் வராது. நிறுத்தி மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும். இது தெரியாமல் வாங்கிய மறுநாளே ‘பழுது’ என்று தூக்கி வந்தவர் உண்டு. திரும்பத் திரும்ப அதே மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் போர்டு நிஜமாகவே போய்விடலாம். காயில் எரிந்தால் நான் கட்டித் தருவேன். போர்டு போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, முழுதாக மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் இறைக்கவும் வேண்டும் என்கிறவர்கள் 5 கேவிஏ அளவில் பழைய வகையைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
பட்டுக்கோட்டை