ஒற்றுப்பிழையைவிடப் பெரிய பிழை

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், வங்கிக்கு அனுப்பும் புகார்க் கடிதங்களைத் தபாலில் சேர்க்கும் முன் என்னிடம் காட்டி, "பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் டீச்சர்" என்று தெருக்காரர்கள் கேட்பதுண்டு. அவர்கள் அஞ்சுவது ஒற்றுப்பிழைக்கு. 'பணத்தை திருப்பி' என்று த் விடுபட்டதற்காக எந்த வங்கியும் புகாரைத் தள்ளுவதில்லை. பணத்தை முடக்குவது வேறு பிழை.

அண்மையில் ஒரு பெரியவர் கொண்டுவந்த கடிதம் இப்படித் தொடங்கியது: "கடந்த செவ்வாய் ஏடிஎம்மில் ரூ.10,000 எடுத்தேன், பணம் வராததால் கிளையில் சொன்னதற்குச் சரியாகிவிடும் என்றார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." இலக்கணப்படி பெரிய குற்றமில்லை. ஆனால், கைக்கு வராத பணத்தை 'எடுத்தேன்' என்று அவரே எழுதிவிட்டார். கடிதம் எந்த வாரம் பிரிக்கப்படுகிறதோ அதற்கேற்ப 'கடந்த செவ்வாய்' மாறும். என்ன வேண்டும் என்பதோ கடிதத்தில் எங்குமே இல்லை.

ஒரே வாக்கியத்தை உடைத்து இப்படி எழுதினோம்: "4.11.2025 காலை 10.40 மணிக்கு ஏடிஎம்மில் ரூ.10,000 கேட்டேன். பணம் வரவில்லை. ஆனால் அத்தொகை என் கணக்கில் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இன்றுவரை திரும்ப வரவு வைக்கப்படவில்லை." "இயந்திரத்தில் சிக்கியிருக்கலாம்" என்றும் எழுதியிருந்தார். அவர் பார்க்காத ஒன்று, அதனால் அதை நீக்கினோம். அந்த இயந்திரத்தின் பதிவையும் அன்றைய ரொக்க இருப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டு ஒரு வரி சேர்த்தோம். பணம் வெளியே வரவில்லை என்றால் இருப்பு அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும்.

கடைசி வரிதான் முக்கியம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தபடி, இப்படிக் கழிக்கப்பட்ட தொகையைப் பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் வங்கி திருப்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும். இவருக்குக் கெடு 9ஆம் தேதியோடு முடிந்தது. கடிதம் எழுதியது 20ஆம் தேதி. ஆகவே, "ரூ.10,000-உம், 11 நாள் தாமதத்திற்கு ரூ.1,100-உம், வரவு வைக்கும் நாள்வரை நாளொன்றுக்கு ரூ.100 வீதமும் தருக" என்று முடித்தோம். இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. அதை எழுதிக் கேட்க வேண்டிய நிலையில் முதியவர்களை வைத்திருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இன்னொன்று. கடிதத்தின் தலைப்பில் தேதி எழுதி, கிளையில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் பெறும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே அந்த நகல்தான் சான்று.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்