சேலத்தில் வடிவியல் பயிற்சித்தாள் தயாரிக்கும் கணித ஆசிரியர்களுக்கு

வணக்கம். அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் கொண்டு வரும் கோணக் கணக்குகளில் 'படம் அளவுத்திட்டப்படி இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் குறை சொல்ல வரவில்லை. கோணமானி வைத்து அளந்து விடை எழுதாமல் காரணம் சொல்ல வைப்பதற்கு அது வேண்டியதுதான். ஆனால் அதைப் போட்ட பிறகு, தேவையான விவரம் முழுவதும் தாளில் இருக்க வேண்டும் அல்லவா?

சமீபத்தில் வந்த ஒரு கணக்கு: முக்கோணம் ABC-இல் BC மேல் D என்ற புள்ளி. கோணம் BAC = 105°. கோணம் C என்ன? AB, AD இரண்டிலும் சமம் என்பதற்கான சிறு குறி தெரிந்தது. DC-யிலும் அதே குறி இருந்திருக்க வேண்டும், ஜெராக்ஸில் மங்கிப் போயிருந்தது.

மூன்றும் சமம் என்றால் கணக்கு அழகானது. C-யை x என்று வைத்தால், AD = DC என்பதால் கோணம் DAC-யும் x. வெளிக்கோணம் ADB அப்போது 2x. AB = AD, ஆகவே B-யும் 2x. முக்கோணம் ABC-இல் 105 + 2x + x = 180, x = 25°.

அந்தக் குறி இல்லாவிட்டால்? B 50°, C 25° என்றும் வரையலாம்; B 45°, C 30° என்றும் வரையலாம். இரண்டிலும் BAC 105°தான், AB = AD-தான். எதைத் தப்பு என்பது? படத்தில் AD செங்குத்தாக நிற்பது போல இருந்ததால் ஒரு பையன் 90° என்று எடுத்துக்கொண்டான். AB-யும் AD-யும் சமமாக இருக்கும்போது B, ADB இரண்டும் 90° ஆகிவிடும், முக்கோணமே வராது.

அளவில்லாத படத்திலிருந்து D என்பது B-க்கும் C-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, BDC நேர்கோடு என்பவற்றை எடுத்துக்கொள்ளலாம். சமம், இணை, செங்குத்து ஆகியவற்றைக் குறியோ வாக்கியமோ சொன்னால்தான் நம்பலாம்.

எண்ணை மாற்றி அடுத்த பிரிவுக்குக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். இதே கணக்கில் 105-க்குப் பதில் 40 என்று போட்டால் x = 46⅔°, B 93°-ஐத் தாண்டும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணம் அப்படி இருக்க முடியாது. BAC 45°-க்கு மேல் இருந்தால்தான் இந்தப் படம் உருவாகும். சமன்பாடு தீர்ந்துவிடுவதால் இது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள்: குறி போட்டாலும், படத்துக்குக் கீழே 'AB = AD = DC' என்று எழுத்திலும் அச்சிடுங்கள். அப்புறம், குறி மங்கிய தாளில் 'விவரம் போதாது' என்று எழுதி, இரண்டு முக்கோணம் வரைந்து காட்டிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை, சேலம்