எஃப்.டி.யை முறிப்பவருக்குக் கணக்கைக் காட்டுங்கள்: வங்கி நிர்வாகங்களுக்கும் கிளை மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதிர்வுக்கு முன்பே ஃபிக்ஸட் டெபாசிட்டை எடுக்க வருபவரிடம் கவுன்ட்டரில் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: "ஒரு சதவீதம் பெனால்டி சார்." அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி சொல்லப்படாததால், கையில் வரும் தொகையைப் பார்த்து வாடிக்கையாளர் அதிர்ந்துபோகிறார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாய், 3 ஆண்டுக்கு, 7 சதவீத வட்டி. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளும் திட்டம். ஒவ்வொரு காலாண்டும் 5,250 ரூபாய் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. சரியாக 9 மாதம் முடிந்ததும் டெபாசிட்டை முறிக்கிறார். அதுவரை அவர் வாங்கிய வட்டி 15,750.

முறித்தவுடன் 7 சதவீதம் என்பதே கணக்கிலிருந்து போய்விடுகிறது. பணம் உண்மையில் எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ அந்தக் காலத்துக்கு என்ன வட்டி என்று பார்க்கிறீர்கள். அதுவும் முறிக்கும் நாளின் பட்டியலில் அல்ல, டெபாசிட் போட்ட நாளின் பட்டியலில். அன்று 180 நாள் முதல் ஓராண்டுக்குள் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு சதவீத அபராதம் கழிந்து 5 சதவீதம். 9 மாதத்துக்கு அவருக்குச் சேரவேண்டியது 11,250 ரூபாய் மட்டுமே. கூடுதலாக வாங்கிவிட்ட 4,500 ரூபாயை அசலில் பிடித்துக்கொண்டு 2,95,500 கொடுக்கிறீர்கள்.

அந்த மனிதருக்குப் புரிவது ஒன்றுதான்: "என் அசலிலேயே கை வைத்துவிட்டார்கள்." ஒரு சதவீதம் என்றால் 3 லட்சத்தில் 3,000 ரூபாய் போகும் என்று நினைத்து வந்தவர் அவர். அபராதம் அசல் மீது இல்லை, ஆண்டு வட்டி விகிதத்தில்தான் கழிகிறது. அந்த 4,500-இல் அபராதம் 2,250 ரூபாய். இன்னொரு 2,250, விகிதம் 7-லிருந்து 6 ஆக இறங்கியதால் போனது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இரண்டு வரிகள் ஏன் செட்டில்மென்ட் சீட்டில் இல்லை?

வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட்டிலும் இதே இழப்பு உண்டு. அங்கே அசல் குறைந்ததுபோல் தெரியாது, அதனால் கேள்வியும் எழுவதில்லை.

எங்களுக்கு அதைவிட வருத்தம் தருவது நாள் கணக்கு. அதே பட்டியலில் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் 6.75 சதவீதம் என்றால், 365-ஆம் நாள் முறிப்பவருக்கு அபராதம் போக 5.75 சதவீதம் கிடைக்கும். மொத்த வட்டி 17,250. ஒரே ஒரு நாள் முன்னால், 364-ஆம் நாளில் வந்தவருக்கு 5 சதவீதம்தான், சுமார் 14,960. ஒரு நாளில் ஏறக்குறைய 2,290 ரூபாய் வித்தியாசம். "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்ல உங்கள் ஊழியருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் திரையில் அந்தத் தேதி முன்னே வந்து நின்றால்தானே அவரும் சொல்வார்?

இன்னொன்று. அவருக்குத் தேவை ஒரு லட்சம்தான், மூன்று மாதத்தில் திருப்பிவிடுவார் என்றால், முறிக்கவே வேண்டாம். டெபாசிட் மீதே கடன் கொடுக்கிறீர்கள்; டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதல் என்று வைத்தால் 8 சதவீதம், மூன்று மாதத்துக்கு 2,000 ரூபாய். டெபாசிட் 7 சதவீதத்தில் தொடர்ந்து ஓடும். மொத்தத்தையும் முறித்தால் போவது 4,500. வைப்புக்காலம் முடிய நிறைய நாள் இருந்து, கடனைத் திருப்ப வழியில்லை என்றால் மட்டும் முறிப்பதே மேல்.

அபராதம் எவ்வளவு என்பதை வங்கிகளே முடிவுசெய்துகொள்ள ரிசர்வ் வங்கி விட்டிருக்கிறது. ஆனால் டெபாசிட் வாங்கும்போதே வட்டி விகிதத்தோடு சேர்த்து அதையும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைத் தெரிவித்தல் என்று நாங்கள் ஏற்கவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். டெபாசிட் ரசீதின் பின்புறத்தில், அன்றைய வட்டிப் பட்டியலைக் கால அளவு வாரியாக, அபராத விகிதத்தோடு தமிழில் அச்சிடுங்கள். இதுதான் முதன்மையானது, ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பழைய பட்டியலை வாடிக்கையாளர் எங்கே போய்த் தேடுவார்? அடுத்து, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே பொருந்தும் விகிதம், அபராதம், ஏற்கெனவே கொடுத்த வட்டி, திரும்பப் பிடிப்பது, கையில் வருவது என ஐந்து எண்களையும் ஒரு தாளில் கொடுங்கள். மூன்றாவதாக, அதே தாளில் அடுத்த விகிதம் தொடங்கும் தேதியையும், டெபாசிட் மீது கிடைக்கக்கூடிய கடன் தொகையையும் அதன் வட்டியையும் சேருங்கள்.

இவை எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தான்.

இப்படிக்கு,
வைப்புதாரர்கள்