பத்து மடங்கு என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய பங்கு வெளியீட்டுக்குப் 'பத்து மடங்கு விண்ணப்பம்' என்ற தலைப்புகளை அடிக்கடி பார்க்கிறேன். விலை எப்படி முடிவானது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

முதலீட்டாளர்கள் எந்த விலைக்கு எத்தனை பங்குகள் கேட்கிறார்கள் என்பதைத் திரட்டி விலையை முடிவு செய்வதுதான் புக் பில்டிங் முறை. இதில் நிறுவனம் முதலில் ஒரு விலை வரம்பை அறிவிக்கிறது. 95 முதல் 100 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு 10 லட்சம் பங்குகள். 100க்கு 4 லட்சம் பங்குகள் கேட்கப்படுகின்றன. 98க்கு இன்னொரு 3 லட்சம். 97க்கு 5 லட்சம். மீதி அதற்கும் கீழே. மேலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் 4, 7, 12. பத்து லட்சத்தைத் தாண்டும் இடம் 97. பொதுவாக அதுவே வெளியீட்டு விலை. 100 தருவதாகச் சொன்னவரும் 97 கொடுத்தால் போதும். 96க்குக் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான கேட்புகள் உச்சவரம்பான 100இலேயே குவிந்துவிட்டால், 110 தரத் தயாராக இருந்தவர் யார் என்பது பதிவேட்டில் தெரியவே தெரியாது. அப்போது உண்மையில் விலையைத் தீர்மானித்தது சந்தையல்ல, வரம்பை வகுத்த வெளியீட்டு மேலாளர்தான். போதாக்குறைக்கு, குறைத்துத்தான் ஒதுக்குவார்கள் என்று தெரிந்தே தேவைக்கு மேல் கேட்பவர்களும் உண்டு. அந்தப் 'பத்து மடங்கில்' எவ்வளவு காற்று என்று யார் கண்டது!

எத்தனை மடங்கு என்பதோடு, எந்த விலையில் எத்தனை பங்குகள் கேட்கப்பட்டன என்ற பட்டியலையும் உங்கள் வணிகப் பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்