கிரயம் என்று எழுதப்படும் கடன்: தர்மபுரி மாவட்டப் பத்திர எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பத்திர எழுத்தர்களுக்கு, வணக்கம்.

தர்மபுரியில் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். நீங்கள் எழுதும் பத்திரங்கள் பல வருடம் கழித்து என் மேஜைக்கு வருகின்றன. அவற்றில் ஒரு வகையைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். நிலம் இரண்டு ஏக்கர், இன்றைய விலைக்கு 20 லட்சம் பெறும். போர் போட 5 லட்சம் தேவை. பணம் கொடுப்பவர், "அடமானம் எல்லாம் வேண்டாம், கிரயமா எழுதிக் கொடுத்துடுங்க, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தர்றேன்" என்கிறார். 5 லட்சத்துக்குக் கிரயப் பத்திரம் பதிவாகிறது. அன்றே தனியாக ஒரு முத்திரைத்தாளில், 18 மாதத்துக்குள் 6 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்தால் மறுகிரயம் செய்து தருவதாக ஓர் உடன்படிக்கை.

அந்த 6,80,000 எங்கிருந்து வந்தது? 5 லட்சத்துக்கு இரண்டு வட்டி, மாதம் 10,000. பதினெட்டு மாதத்துக்கு 1,80,000. நிலத்தின் விலையை வைத்து யாரும் இந்தத் தொகைக்கு வர முடியாது, வட்டியை வைத்துத்தான் வர முடியும். அதோடு பட்டா மாறவில்லை, நிலவரி கட்டுவதும் உழுவதும் விற்றவரே. 20 லட்ச ரூபாய் நிலத்தை எவரும் 5 லட்சத்துக்கு விற்று அதிலேயே தக்காளி நட்டுக்கொண்டிருக்க மாட்டார். தலைப்பு கிரயம், நடந்தது கடன்.

சட்டத்துக்கு இந்தத் தந்திரம் பழக்கமானதுதான். 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(சி) பிரிவு இதை நிபந்தனைக் கிரய அடமானம் என்கிறது. அடமானம் என்று நிலைநாட்டிவிட்டால், கெடு தாண்டினாலும் நிலம் தானாகக் கைமாறாது. மீட்கும் உரிமை பிறந்த நாளிலிருந்து 30 வருடம் வரை மீட்பு வழக்குப் போடலாம். வெறும் மறுகிரய உடன்படிக்கை என்றால் கதையே வேறு. கெடு தேதியை நீதிமன்றம் கறாராகப் பார்க்கும். இருபதாவது மாதம் பணத்தோடு வருபவரிடம், "டைம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் உங்கள் பேனா வருகிறது. 1929இல் அந்தப் பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள்: திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அது அடமானம். தலைப்பைப் பார்க்காமல் நடந்ததைப் பார்க்க வேண்டிய சட்டம், வாசலில் மட்டும் காகிதத்தைப் பார்க்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். பின்னாளில் எதையாவது காட்டி உண்மையான கிரயத்தையும் அடமானம் என்று வாதாடக் கூடாது என்பதற்காக. ஆனால் பணம் கொடுப்பவர்கள் இந்த வரியை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். தனித்தாளில் எழுதச் சொல்லும்போது கேட்பது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரே பத்திரமாக இருந்தாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். இரு தரப்பின் நோக்கம் என்ன என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லிவிட்டது. முழு விலை வாங்கி, நிலத்தை ஒப்படைத்து, பிறகு திரும்ப வாங்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டால் அது உண்மையான கிரயமே. இரண்டு தாளாக இருந்தாலும் ஒரு சின்னச் சந்து உண்டு. கிரயப் பத்திரம் செயல்படவே எழுதப்படவில்லை, கடனுக்கு ஈடாக ஒப்புக்கு எழுதியது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்கலாம் என்று 1981இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் பதிவான பத்திரத்துக்கு எதிராக அதை நிரூபிப்பது விவசாயியின் தலையில் விழும். அதற்குள் அவருடைய சாட்சிகள் பாதிப்பேர் செத்தும் போயிருப்பார்கள்.

இதில் அதிகம் கெடுப்பது "இன்றே சுவாதீனத்தில் விட்டுவிட்டேன்" என்று நீங்கள் பழக்கத்தில் சேர்க்கும் வரி. நிலத்தில் அவரே உழுதுகொண்டிருக்கிறார். பத்திரமோ விட்டுவிட்டதாகச் சொல்கிறது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்.

ஆகவே, இரண்டு தாளோடு யாராவது வந்தால், நிபந்தனையையும் தொகையையும் கெடுவையும் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதுங்கள். பணம் கொடுப்பவர் மறுத்தால் நேரடி அடமானப் பத்திரம் எழுதலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அவர் தேடுவது வட்டி அல்ல, நிலம் என்பதை விவசாயியின் காதில் போட்டுவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் பக்கத்துக் கடையில் எழுதுவார்கள் என்பீர்கள். எழுதுவார்கள்தான், உங்கள் பெயரும் உரிம எண்ணும் அதில் இருக்காது.

ஏற்கெனவே இரண்டு தாளாக எழுதிக் கொடுத்தவர்கள் உங்களிடம் திரும்ப வந்தால், கெடுவுக்கு முன்பே, பணம் தயார் என்று பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். மாதா மாதம் வட்டி கொடுத்ததற்கு வங்கிக் கணக்கிலோ போனிலோ எந்தத் தடயம் இருந்தாலும் அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தர்மபுரியிலிருந்து ஒரு வழக்கறிஞர்