தேதி போல் தெரிவதெல்லாம் தேதி அல்ல: ரத்ததானக் குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கடந்த ஜூன் 20 இரவு பி நெகட்டிவ் கேட்டு ஒரு குடும்பம் அழைத்தது. நம் கூகுள் ஷீட்டைத் திறந்து, ரத்தம் கொடுக்கத் தகுதியானவர்கள் பட்டியலில் முதலில் இருந்தவரைக் கூப்பிட்டேன். "அண்ணா, நான் கொடுத்தே 18 நாள்தானே ஆகுது?" என்றார். ஷீட்டோ அவர் கொடுத்து 134 நாள் ஆனதாகக் காட்டியது. பட்டியலில் வேறு யாரும் இல்லை. ஜனவரி 25-ல் கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் உடனே வரக்கூடிய இன்னொருவர் நம்மிடம் இருந்தார். அவர் பெயர் பட்டியலில் வரவே இல்லை. மறுநாள் தேதி நெடுவரிசையை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. நம்மைப் போலப் பட்டியல் வைத்திருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் இது பயன்படும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

ஷீட்டுக்குத் தேதி என்பது ஓர் எண். 2025 ஜனவரி 25 அதற்கு 45682, ஜூன் 20 என்றால் 45828. கழித்தால் 146 நாள். நம் கண்ணுக்குத் தெரியும் சாய்வுக்கோடெல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட சட்டைதான். நாம் தட்டுவது தேதி என்று ஷீட்டுக்குப் புரியாவிட்டால், அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது.

நம் ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு, அமெரிக்கா என்று இருந்தது. அங்கே மாதம் முதலில் வரும். `25/01/2025` என்று தட்டினால் 25-ஆவது மாதம் கிடையாதே, அதனால் அது எழுத்தாகிவிட்டது. `02/06/2025` என்று தட்டியதோ செல்லுபடியாகும் தேதி, ஆனால் ஜூன் 2 அல்ல, பிப்ரவரி 6. அந்த 134 நாள் வந்தது இப்படித்தான்.

ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஆண்கள் பட்டியலில் B நெடுவரிசையில் ரத்த வகை, C-யில் கடைசியாகக் கொடுத்த தேதி. அதில் நாம் வைத்திருக்கும் சூத்திரம் இது:

```
=FILTER(A2:C, B2:B="B-", C2:C<=TODAY()-90)
```

எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் ஷீட் எப்போதும் எழுத்தைத்தான் பெரியதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஜனவரி 25-ல் கொடுத்தவருக்கு இந்த நிபந்தனை என்றைக்குமே பொய்தான். இரண்டு வருடம் ஆனாலும் அவர் பெயர் வராது. கழித்தலாக இருந்தால் `#VALUE!` என்றாவது வந்து நம்மை எச்சரித்திருக்கும்.

வரிசைப்படுத்தும்போதும் இதே கதைதான். ஏறுவரிசையில் எண்களெல்லாம் மேலே போய்விடும், எழுத்துகள் கீழே தனிக் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வரிசை: `13/02/2025`, `25/01/2025`, `28/11/2024`. எல்லாவற்றிலும் பழைய நவம்பர் கடைசியில் நிற்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. நாம் சீரமைப்பை மாற்றாத வரை உண்மைத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். யாரோ எல்லாவற்றையும் நடுவில் வைத்து அழகுபடுத்தியதால் நமக்கு இது தெரியாமல் போனது. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். மேலே ஒரு கட்டத்தில் இதையும் போட்டிருக்கிறேன்:

```
=COUNTA(C2:C)-COUNT(C2:C)
```

நிரம்பிய கட்டங்கள் எத்தனை, அதில் எண்கள் எத்தனை என்ற வித்தியாசம் இது. பூஜ்யம் வர வேண்டும். முதலில் பார்த்தபோது 61 வந்தது.

லொகேல் அமெரிக்காவாக இருக்கும்வரை, ஃபார்மேட் மெனுவில் தேதி என்று மாற்றுவதால் இந்த எழுத்து எண்ணாகாது. பக்கத்து நெடுவரிசையில் இப்படி மாற்றினேன்:

```
=DATE(RIGHT(C2,4), MID(C2,4,2), LEFT(C2,2))
```

நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால்தான் இது சரியாக வரும். `25/3/2025` போன்றவற்றைக் கையால் திருத்தினேன். எழுத்தாக இருப்பவற்றுக்கு மட்டுமே இதைப் போட வேண்டும்.

எனக்குக் கவலை மாறிப்போன தேதிகளைப் பற்றித்தான். மேலே உள்ள கணக்கு அவற்றைக் காட்டாது, அவையும் எண்கள்தானே. லொகேலை இந்தியாவுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் பழைய மதிப்பு அப்படியேதான் இருக்கிறது, `06/02/2025` என்று புதுச் சட்டையில் தெரிகிறது, அவ்வளவே. எதிர்காலத் தேதி இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். மற்றதை முகாமில் நிரப்பிய படிவத்தோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். நாளையும் மாதத்தையும் மொத்தமாக இடம் மாற்றவும் முடியாது. சிலர் `2 Jun 2025` என்று தட்டியிருக்கிறார்கள், அவை சரியாகவே பதிந்திருக்கின்றன.

அதனால் இந்த ஞாயிறு காலை படிவக் கட்டுகளோடு உட்காரப் போகிறேன். ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்த்தால் மதியத்துக்குள் முடியும், இரண்டு பேராவது வாருங்கள். அதுவரை C நெடுவரிசையை யாரும் தொட வேண்டாம். யாரையாவது ரத்தத்துக்குக் கூப்பிட வேண்டி வந்தால், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவில் பட்டியல் பார்ப்பவன்