பேட்டை கிட்டங்கி வார டைம்ஷீட்: கையெழுத்துக்கு முன் பாருங்க

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9:00 – மாலை 5:45. சாப்பாட்டு நேரம் 30 நிமிடம் போக, நாளுக்கு 8 மணி 15 நிமிடம். ஐந்து நாளுக்கு 41 மணி 15 நிமிடம். சனிக்கிழமை 9 முதல் 1 வரை, இடைவேளையே கிடையாது, முழுசா 4 மணி. மொத்தம் 45 மணி 15 நிமிடம்.

கூலிக்குப் பெருக்கும்போது நிமிடத்தை 60-ஆல் வகுக்கணும்: 15 நிமிடம்னா 0.25. ஆக 45.25 × ரூ.80 = ரூ.3,620.

சீட்டில் ரூ.3,556 இருந்தா ரெண்டு தப்பு சேர்ந்திருக்கு. சனிக்கிழமைக்கும் அரை மணி கழிச்சதில் ரூ.40 போச்சு. மிச்ச 44 மணி 45 நிமிடத்தை 44.75-க்குப் பதில் 44.45-னு அடிச்சதில் இன்னொரு ரூ.24. புள்ளிக்குப் பின்னால 45, 30, 15 வந்தாலே சந்தேகப்படுங்க. சாப்பிடாம லோடு இறக்கின நாளை அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட சொல்லிக் குறிக்க வைங்க. வாரக் கடைசியில சொன்னா சரிபார்க்க வழி இருக்காது.